ஒரே டிபிஏ, ஒரே வாரம், மூன்று டாஸ்க்: சிவப்பு ஆள் ஏன் போகமாட்டேன் என்கிறார்?

Microsoft Project-இல் திட்டத்தைப் போட்டு முடித்து நிமிர்ந்தால் Indicators பத்தியில் சிவப்பு ஆள் வரிசையாக நிற்கிறார்; ஒருவர் தலையில் அவரால் முடிவதைவிட அதிக வேலை விழுந்திருக்கிறது என்று அதற்குப் பொருள். மோதும் டாஸ்க்குகளைத் தள்ளிவைத்து நெரிசலைக் கலைப்பதுதான் லெவலிங்; அதற்கான Level All அழுத்தினால் இரண்டில் ஒன்று நடக்கிறது: சிவப்பு அப்படியே இருக்கிறது, இல்லையென்றால் சிவப்பு போய் முடிவுத் தேதி ஒரு வாரம் தள்ளிப்போகிறது. இரண்டுமே மென்பொருள் கெட்டுப்போனதால் வருவதல்ல. எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். மெனு பெயர்கள் எல்லாம் Microsoft Project-இன் டெஸ்க்டாப் பதிப்பில் திரையில் தெரிகிறபடி.

நான் சொல்லப்போவது மாற்று ஆள் இல்லாத நிபுணர் ஒருவரைப் பற்றி மட்டும். நான்கு புரோகிராமர்கள் இருந்தால் ஒருவரின் சுமையை இன்னொருவருக்கு மாற்றலாம். டேட்டாபேஸ் பார்க்க ஒரே ஒரு டிபிஏதான் என்றால் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. மிச்சமிருப்பது வரிசை மட்டும்: எந்த டாஸ்க் முதலில், எது காத்திருக்கும்.

எடுத்துக்கொள்ளும் திட்டம்

பழைய அப்ளிகேஷனில் இருக்கும் தரவைப் புதியதற்கு மாற்றும் ஒரு சின்னத் திட்டம். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு எட்டு மணி நேரம். தொடக்கம் ஒரு திங்கட்கிழமை.

| ID | டாஸ்க் | நாள் | எதற்குப் பின் | ஆள் |
|---|---|---|---|---|
| 2 | தரவைச் சுத்தம் செய்தல் | 5 | – | டிபிஏ |
| 3 | புதிய ஸ்கீமா வடிவமைப்பு | 4 | – | டிபிஏ |
| 4 | கோடிங் | 10 | 3 | புரோகிராமர் |
| 5 | தரவு மாற்ற ஸ்கிரிப்ட் | 3 | 2, 3 | டிபிஏ |
| 6 | சோதனை | 5 | 4, 5 | டெஸ்டர் |
| 7 | பேக்கப் ஒத்திகை | 2 | – | டிபிஏ |

ID 1 வெறும் தொடக்க மைல்கல். கடைசியில் வெளியீடு என்ற மைல்கல்லும் உண்டு. சோதனையும் பேக்கப்பும் முடிந்தால்தான் வெளியீடு. ஆள் பிரச்சினையை மறந்துவிட்டு இணைப்புகளை மட்டும் பார்த்தால் ஸ்கீமா 4 நாள், கோடிங் 10, சோதனை 5 என்று 19 வேலை நாளில் முடிந்துவிடும். இதில் எது தள்ளினாலும் முடிவும் தள்ளும், இதுதான் கிரிட்டிகல் பாதை. முடிவுத் தேதியைத் தொடாமல் தள்ளக்கூடிய நாள்தான் ஸ்லாக்: சுத்தத்துக்கு 6 நாள் இருக்கிறது, பேக்கப்புக்கு 17 நாள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்யவேண்டியது ஒன்றுதான். Resource Usage காட்சியைத் திறந்து, டிபிஏ வரியில் நாள்வாரியாக என்ன மணிக்கணக்கு இருக்கிறது என்று பாருங்கள். இந்தத் திட்டத்தில் முதல் வாரம் 24, 24, 16, 16, 8 என்று இருக்கும். அடுத்த வாரம் ஸ்கிரிப்டுக்காக மூன்று நாள் எட்டு எட்டாக. அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

முதல் வாரம் மட்டும் 88 மணி நேரம். அவரால் முடிந்தது 40. ஆனால் மூன்று வாரத்தையும் சேர்த்துக் கூட்டினால் அவருடைய மொத்த வேலை 112 மணி நேரம்தான், கையில் இருப்பதோ 120. அதாவது நெரிசல் இருக்கிறது, பற்றாக்குறை இல்லை. லெவலிங் நெரிசலைத்தான் கலைக்கும். இந்தக் கூட்டல் 112-க்குப் பதில் 160 என்று வந்தால் மேலே படிக்கவே வேண்டாம். எந்த வரிசையில் போட்டாலும் 40 மணி நேரம் வெளியே நிற்கும். அது வேலையைக் குறைப்பதா, தேதியைத் தள்ளுவதா, ஆள் எடுப்பதா என்று பேசவேண்டிய விஷயம்.

அறிகுறி 1: சிவப்பு போய்விட்டது, ஆனால் முடிவுத் தேதி தள்ளிப்போய்விட்டது

இதுதான் அதிகம் வருவது. நம் திட்டத்தில் 19 நாள் 24 நாளாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஐந்து நாளை எந்த டாஸ்க் தின்றது என்று கண்டுபிடிக்கவேண்டும்.

Gantt Chart-இல் Leveling Delay என்ற பத்தியைச் சேருங்கள். லெவலிங் எந்த டாஸ்க்கை எவ்வளவு தள்ளியது என்பது அதில் இருக்கும். இங்கே ஸ்கீமா வரியில் `7 edays` என்று தெரிகிறது. ஐந்து நாள்தானே தள்ளியது, ஏழு எங்கிருந்து வந்தது என்று குழம்பவேண்டாம். இந்தப் பத்தி சனி, ஞாயிறையும் சேர்த்துக் காலண்டர் நாளாக எண்ணும். திங்களில் இருந்து அடுத்த திங்கள், ஏழு.

லெவல் செய்வதற்கு முன் ஸ்கீமாவின் ஸ்லாக் பூஜ்யம். பூஜ்யம் இருக்கிற டாஸ்க்கை ஐந்து வேலை நாள் தள்ளினால் முடிவும் ஐந்து நாள் தள்ளும். பக்கத்திலேயே ஆறு நாள் ஸ்லாக்கோடு சுத்தம் உட்கார்ந்திருக்கிறது. அதை விட்டுவிட்டு இதை ஏன் தள்ளியது?

Resource தாவலில் Leveling Options திறந்து, Leveling order என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே ID Only என்று இருந்தால் விடை கிடைத்துவிட்டது. மோதல் வந்தால் ID எண் பெரிதாக இருக்கும் டாஸ்க்கை முதலில் தள்ளு என்பதுதான் அதன் பொருள். சுத்தம் ID 2, ஸ்கீமா ID 3. திட்டத்தை எழுதியவர் எந்த வரியை முதலில் தட்டினார் என்பதே வரிசையை முடிவு செய்துவிட்டது! அதன்படி சுத்தம் 1 முதல் 5, ஸ்கீமா 6 முதல் 9, ஸ்கிரிப்ட் 10 முதல் 12, பேக்கப் 13, 14. கோடிங் ஸ்கீமாவுக்குக் காத்திருந்து 10-ஆம் நாள்தான் தொடங்குகிறது, 19-இல் முடிகிறது, சோதனை 24 வரை இழுக்கிறது. (நீங்கள் இதை மாற்றியதாக நினைவில்லையா? வேறொரு திட்டத்துக்காக எப்போதோ மாற்றியது இங்கும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். இந்தப் பெட்டியில் செய்யும் தேர்வுகளை ஒரு கோப்புக்கு மட்டும் என்று நம்பாதீர்கள்.)

சரிசெய்யும் முறை: முதலில் Clear Leveling, முழுத் திட்டத்துக்கும். பழைய தள்ளல்களை அழிக்காமல் மேலே மேலே லெவல் செய்தால் என்ன நடந்தது என்றே தெரியாமல் போய்விடும். அப்புறம் Leveling order-ஐ Standard ஆக்குங்கள். இது இணைப்புகள், ஸ்லாக், தேதிகள், முன்னுரிமை, கட்டுப்பாடுகள் எல்லாவற்றையும் பார்த்து எதைத் தள்ளுவது என்று எடைபோடும். Level only within available slack என்ற கட்டத்தையும் டிக் செய்யுங்கள். இப்போது Level All.

அந்த டிக்கை நான் ஒரு சோதனைக் கருவியாகவே வைத்திருக்கிறேன். ஸ்லாக்குக்குள் மட்டும் தள்ளு, முடிவுத் தேதியைத் தொடாதே என்று அது சொல்கிறது. அதோடு ஓட்டியும் சிவப்பு முழுதாகப் போய்விட்டால், 19 நாளிலேயே முடிக்க ஒரு வரிசை இருக்கிறது என்பது நிரூபணம் ஆகிவிட்டது. போகவில்லை என்றால் தேதியை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கலாம். இல்லை, மென்பொருள் நல்ல வரிசையைக் காணாமல் விட்டிருக்கலாம். எல்லா வரிசைகளையும் அது முயன்று பார்ப்பதில்லை, ஒரு விதிப்படி ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது, அவ்வளவுதான்.

நம் திட்டத்தில் நல்ல வரிசை இருக்கிறது. ஸ்கீமா 1 முதல் 4, சுத்தம் 5 முதல் 9, ஸ்கிரிப்ட் 10 முதல் 12, பேக்கப் 13, 14. கோடிங் 5-ஆம் நாளே தொடங்கி 14-இல் முடிகிறது. சோதனை 15 முதல் 19. ஒரு நாள்கூடப் போகவில்லை. டிபிஏ செய்யும் வேலையில் ஒரு மணி நேரம்கூடக் குறையவும் இல்லை. ஸ்கீமாவும் சுத்தமும் இடம் மாறின, அவ்வளவுதான். காரணம் சுலபம். ஸ்கீமாவுக்குப் பின்னால் பத்து நாள் வேலையோடு புரோகிராமர் காத்திருக்கிறார். சுத்தத்துக்குப் பின்னால் காத்திருப்பதும் இதே டிபிஏதான்.

Standard பெரும்பாலும் இதைத் தானே பிடித்துவிடும். பிடிக்கவில்லை என்றால் Priority, Standard என்று மாற்றி, Priority பத்தியில் நீங்களே எண் கொடுங்கள். எல்லா டாஸ்க்கும் 500-இல் தொடங்கும். எண் பெரிதானால் தள்ளப்படுவது குறையும். ஸ்கீமா 700, சுத்தம் 600, பேக்கப் 300 என்றால் போதும், மற்றவற்றைத் தொடவேண்டாம். முக்கியமான டாஸ்க் என்று 1000 மட்டும் போட்டுவிடாதீர்கள். 1000 என்றால் அதைத் தொடவே தொடாதே என்று பொருள். அது நேரே அடுத்த அறிகுறியில் கொண்டுபோய் விடும்.

அறிகுறி 2: Level All அழுத்தியும் சிவப்பு போகவில்லை

லெவலிங் நடக்கும்போது இன்னாரின் இன்ன நாள் மோதலைத் தீர்க்க முடியவில்லை என்று ஒரு பெட்டி வந்திருக்கும். அதில் Skip, Skip All, Stop என்று பொத்தான்கள். அவசரத்தில் எல்லோரும் Skip All அழுத்துகிறோம். ஆனால் ஆளின் பெயரும் நாளும் அந்தப் பெட்டியில்தான் எழுதியிருக்கிறது. குறித்துக்கொண்டு Stop அழுத்துங்கள். அந்த நாளில் டிபிஏ எந்தெந்த டாஸ்க்கில் இருக்கிறார் என்று Resource Usage-இல் பார்த்தால் இரண்டோ மூன்றோதான் இருக்கும். அவற்றில் ஏதோ ஒன்று ஆணி அடித்ததுபோல் நிற்கிறது.

எதனால் நிற்கும்? Must Start On, Must Finish On கட்டுப்பாடு இருந்தால் நிற்கும். Priority 1000 என்றால் நிற்கும். Manually Scheduled டாஸ்க்காக இருந்து, Leveling Options-இல் Level manually scheduled tasks டிக் இல்லையென்றால் நிற்கும். வேலை தொடங்கிவிட்டதாகப் பதிவாகியிருந்தால் தொடக்கத்தை நகர்த்த முடியாது, மீதியை வேண்டுமானால் பிளக்கலாம். இப்படி இரண்டு டாஸ்க் ஒரே நாளில் நின்றால் லெவலிங்குக்கு நகர்த்த எதுவுமே இல்லை. இரண்டில் ஒன்றின் ஆணியை நீங்கள்தான் கழற்றவேண்டும்.  

இவை எதுவும் இல்லாமலும் சிவப்பு நிற்கிறதா? மூன்று இடம் பாருங்கள்.

ஒன்று, டிபிஏவின் Max Units. Resource Sheet-இல் அவருக்கு 50% என்று இருக்கிறது, ஏனென்றால் பாதி நாள் வேறு திட்டத்தில் இருக்கிறார். ஆனால் டாஸ்க்கில் 100% ஒதுக்கியிருக்கிறீர்கள். அந்த டாஸ்க் தன்னந்தனியாக நின்றாலும் சிவப்புதான். எங்கே தள்ளினாலும் அந்த 100% கூடவே வரும், லெவலிங்கால் தீராது. ஒதுக்கீட்டைக் குறைக்கவேண்டும்.

இரண்டு, சம்மரி டாஸ்க். ‘தரவு மாற்றம்’ என்று ஒரு தலைப்பு வரி, அதற்குக் கீழே சுத்தமும் ஸ்கிரிப்டும். யாரோ தலைப்பு வரிக்கும் டிபிஏ பெயரைப் போட்டுவிட்டார்கள், பொறுப்பு அவருடையது என்று காட்ட. மென்பொருளுக்குப் பொறுப்பு தெரியாது. தலைப்பு வரி நீளும் நாள் முழுக்க அவருக்கு இன்னொரு எட்டு மணி நேரம் வேலை என்று எண்ணிக்கொள்ளும். குழந்தை டாஸ்க்கை எவ்வளவு தள்ளினாலும் தலைப்பும் கூடவே நீளும், மோதல் ஓயாது. தலைப்பு வரிகளில் ஆள் பெயரை எடுத்துவிட்டு, பொறுப்பாளரைக் காட்ட ஒரு Text பத்தி வைத்துக்கொள்ளுங்கள். Resource Usage-இல் மணிக்கணக்கு நீங்கள் எதிர்பார்த்ததைப்போல் இரண்டு மடங்காக இருந்தால் முதல் சந்தேகம் இதன்மேல் விழட்டும்.

மூன்று, கூட்டங்கள். செவ்வாய்தோறும் இரண்டு மணி நேர ஆய்வுக் கூட்டம் என்று திட்டத்தில் போட்டு டிபிஏவையும் சேர்த்தால், அந்த நாள் எட்டும் இரண்டும் பத்து. லெவலிங் இதைத் தீர்க்க முனையும். ஸ்கீமா இரண்டு மணி நேரம் தள்ளி மறுநாள் காலை பத்து மணிக்கு முடியும், சுத்தம் பத்து மணிக்குத் தொடங்கும், எல்லா டாஸ்க்கும் நடுப்பகலில் தொடங்கி நடுப்பகலில் முடியும். கணக்கு சரி, படிக்க முடியாது. நான் கூட்டத்துக்கு ஆள் போடுவதே இல்லை. அவர் வருவது அழைப்பிதழில் இருந்தால் போதும். கூட்டம் தின்னும் நேரத்துக்கு ஈடாக அவர் காலண்டரிலோ ஒதுக்கீட்டிலோ கொஞ்சம் விட்டுவைப்பேன்.

இதற்கு நேரெதிரான ஒன்றும் உண்டு. தலா நான்கு மணி நேரமாக இரண்டு டாஸ்க், இரண்டும் காலை எட்டு மணிக்கே தொடங்குவதாக இருக்கின்றன. அந்த நான்கு மணி நேரத்துக்கு அவர் இருமடங்கு, ஆகவே சிவப்பு. நாள் மொத்தம் எட்டுதான், ஆகவே Day by Day அடிப்படையில் பார்க்கும் லெவலிங்குக்கு அது மோதலே இல்லை, தொடாது. Hour by Hour என்று மாற்றினால் தீர்த்துவைக்கும். எனக்குக் கேட்டால் விட்டுவிடுங்கள். காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என்று அவரே பார்த்துக்கொள்வார்.

அறிகுறி 3: 50% போட்டேன், சிவப்பு போய்விட்டது, ஏதோ சரியில்லை

லெவலிங் பக்கமே போகாமல், பேக்கப்பைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, மோதும் மற்ற இரண்டு டாஸ்க்கிலும் டிபிஏவை 50% ஆக்கிவிடுவது. பார்க்க நியாயமாகத் தெரியும், சிவப்பும் உடனே மறையும். என்ன நடந்திருக்கிறது என்பது Task Type பத்தியைப் பொறுத்தது.

Fixed Duration என்று இருந்தால் நாள் மாறாது, வேலை பாதியாகும். சுத்தத்தின் 40 மணி நேரம் 20 ஆகிவிட்டது, ஸ்கீமாவின் 32 மணி நேரம் 16. மொத்தம் 36 மணி நேர வேலை திட்டத்தில் இருந்து சத்தமில்லாமல் காணாமல் போய்விட்டது. நான் ஒருமுறை இப்படிச் செய்துவிட்டு, முடிவுத் தேதி மாறாமலே பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போனேன். டிபிஏ மறுநாள் அச்சுப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, “சார், இதை இருபது மணி நேரத்தில் முடிக்க யார் சொன்னது?” என்று கேட்டபிறகுதான் Work பத்தியைப் பார்த்தேன். ஒதுக்கீட்டை மாற்றும் முன்னும் பின்னும் திட்டத்தின் மொத்த Work எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். அது அசையக்கூடாது.

Fixed Units, Fixed Work என்றால் வேலை அப்படியே இருக்கும், நாள் நீளும். சுத்தம் 10 நாள், ஸ்கீமா 8 நாள். இப்போது கணக்கு நேர்மையானது, ஆனால் நஷ்டமானது. ஸ்கீமா 8-ஆம் நாள்தான் முடிகிறது, கோடிங் 18 வரை, சோதனை 23 வரை. நான்கு நாள் போய்விட்டது. சரி, அதற்கு ஈடாகச் சுத்தம் சீக்கிரம் முடிந்ததா? இல்லை, 10-ஆம் நாள் முடிகிறது. ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டபோது அது 9-ஆம் நாளே முடிந்திருந்தது. யாருக்கும் எந்த லாபமும் இல்லை. அதுவும், ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது பறிபோகும் நேரத்தை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

50% சரியாக வரும் இடமும் உண்டு. டாஸ்க்கே விட்டுவிட்டு நடப்பதாக இருந்தால், உதாரணமாக ஒரு ஸ்கிரிப்டை ஓடவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் வேலை என்றால், அது உண்மையிலேயே அவருடைய பாதி நேரத்தைத்தான் கேட்கிறது.

அறிகுறி 4: சிவப்பும் இல்லை, தேதியும் சரி, ஆனால் ஸ்லாக் பொய் சொல்கிறது

இது வெளியே தெரியாத பிழை, அதனாலேயே மோசமானது. அறிகுறி 1-இல் பார்த்த ID Only திட்டத்துக்குத் திரும்புவோம். 24 நாள் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், திட்டம் அப்படியே நடக்கிறது என்று வையுங்கள். சுத்தம் வரியில் Total Slack பத்தியைப் பார்த்தால் 11 நாள் என்று இருக்கும்.

அது எப்படி வந்தது? சுத்தத்துக்குப் பின்னால் இணைப்பு ஸ்கிரிப்டுக்கு மட்டும்தான். சோதனை 20-இல் தொடங்குவதால் ஸ்கிரிப்ட் 19 வரை முடியலாம், அப்படியென்றால் 17-இல் தொடங்கலாம், அப்படியென்றால் சுத்தம் 16 வரை போகலாம். 5-இல் முடியவேண்டியது 16 வரை போகலாம் என்றால் 11. இணைப்புகளின்படி இந்தக் கணக்கில் தப்பே இல்லை.

மேலாளர் இதைப் பார்க்கிறார். “சுத்தத்துக்குத்தான் பதினொரு நாள் இருக்கே, டிபிஏவை ரெண்டு நாள் அந்தப் பக்கம் அனுப்பிட்டு வரட்டுமா?” பத்தி சொல்வதை நம்பி நீங்களும் சரி என்கிறீர்கள். சுத்தம் 7-ஆம் நாள் முடிகிறது. 6-ஆம் நாள் ஸ்கீமாவைத் தொடங்கவேண்டிய ஆள் இன்னும் சுத்தத்தில் இருக்கிறார். ஸ்கீமா 8-இல்தான் தொடங்கும், முடிவு 26. பதினொரு நாள் என்று காட்டிய ஸ்லாக் உண்மையில் பூஜ்யம்.

சுத்தத்துக்கும் ஸ்கீமாவுக்கும் நடுவே இருக்கும் பிணைப்பு ஆள். திட்டத்தில் அந்தப் பிணைப்பு எங்கேயும் எழுதப்படவில்லை. லெவலிங் ஸ்கீமாவைத் தள்ளி வைத்தது, ஆனால் யாருக்காகத் தள்ளினேன் என்று குறித்துவைக்கவில்லை. ஸ்லாக் கணக்கு பின்னோக்கி வரும்போது அந்தத் தடத்தைக் காண வழியே இல்லை. கிரிட்டிகல் பாதையும் அதே காரணத்தால் பாதியில் அறுந்து நிற்கும்: ஸ்கீமா சிவப்புப் பட்டை, கோடிங் சிவப்பு, சோதனை சிவப்பு, ஸ்கீமாவுக்கு முன்னே வெறுமை. தொடக்க நாளில் இருந்து தொடராமல் நடுவில் முளைக்கும் கிரிட்டிகல் பாதையைக் கண்டால், அதற்கு முன் அதே ஆள் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று தேடுங்கள்.

சரிசெய்ய, வரிசை முடிவானதும் அதை இணைப்பாகவே எழுதிவிடுங்கள். நல்ல வரிசையை வைத்துக்கொண்டால் ஸ்கீமாவில் இருந்து சுத்தத்துக்கு ஒன்று, ஸ்கிரிப்டில் இருந்து பேக்கப்புக்கு ஒன்று; சுத்தத்தில் இருந்து ஸ்கிரிப்டுக்கு ஏற்கெனவே இருக்கிறது. இரண்டையும் சாதாரண Finish-to-Start இணைப்பாகப் போட்டு Clear Leveling கொடுங்கள். எல்லாத் தேதியும் அங்கேயே நிற்கும், Leveling Delay பத்தி முழுக்கப் பூஜ்யமாகிவிடும். இப்போது சுத்தம் 2 நாள் ஸ்லாக் காட்டும், அது உண்மையான 2. மூன்று நாள் தாமதித்தால் முடிவு ஒரு நாள் நகரும்; திரையில் அது உடனே தெரியும், மறுபடி லெவல் செய்யத் தேவையில்லை.

இதில் ஒரு விலை உண்டு. இந்த இணைப்பு வேலையின் இயல்பால் வந்ததல்ல. ஸ்கீமா முடியாமலே சுத்தம் செய்யலாம். நாளை இரண்டாவது டிபிஏ வந்தால் இவை தேவையற்ற விலங்குகள். ஆறு மாதம் கழித்துப் பார்ப்பவருக்கு எது இயல்பு, எது ஆளால் வந்தது என்று தெரியாது, தொடப் பயப்படுவார். அதனால் பின்வரும் டாஸ்க்கின் Text1 பத்தியில் ‘ஆள் இணைப்பு: 3’ என்று முந்தைய டாஸ்க்கின் ID-ஐ எழுதிவைக்கிறேன். ID எண் வரி நுழைத்தால் மாறிவிடும் என்பதால் Unique ID எழுதுவது இன்னும் நல்லது. ஆள் கிடைக்கும் நாளில் அந்தப் பத்தியில் ஃபில்டர் போட்டு, தேவையற்றதை அறுத்துவிடலாம்.

நூறு டாஸ்க்குக்கு இப்படிச் செய்யமுடியுமா என்றால், எல்லோருக்கும் செய்யவேண்டியதில்லை. மாற்று ஆள் இல்லாத ஒருவருக்கு மட்டும்.

அறிகுறி 5: டாஸ்க் துண்டு துண்டாகிவிட்டது, வாரத்துக்கு வாரம் தேதிகள் ஆடுகின்றன

Gantt பட்டையின் நடுவே புள்ளிக்கோடு வந்தால் லெவலிங் டாஸ்க்கைப் பிளந்திருக்கிறது. சுத்தம் நடந்துகொண்டிருக்கும்போது முன்னுரிமை 800-இல் ஒரு நாள் அவசர வேலை நுழைந்தால், சுத்தத்தின் மீதியைப் பிளந்து நடுவில் அதைச் செருகும். Leveling Options-இல் Leveling can create splits in remaining work டிக்தான் இதற்குக் காரணம். மொத்தமாக எடுத்துவிடலாம். ஆனால் தொடங்கிவிட்ட டாஸ்க்கை விலக்க அதற்கு வேறு வழி இல்லாமல் போகும், அவசர வேலை பின்னால் போகும் இல்லையென்றால் சிவப்பு திரும்பும். நான் Leveling Can Split பத்தியைச் சேர்த்து, தொடர்ச்சியாகச் செய்தே ஆகவேண்டியவற்றுக்கு மட்டும் No போடுகிறேன். ஸ்கீமா வடிவமைப்பு அப்படிப்பட்டது. தரவுச் சுத்தம் அப்படியில்லை, ஒரு அட்டவணை முடித்துவிட்டு எழுந்து போகலாம்.

ஆட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் Leveling calculations என்ற இடத்தில் Automatic இருப்பது. ஒரு டாஸ்க்கின் நாளை மாற்றினாலே பின்னணியில் எல்லாம் மறுபடி அடுக்கப்படும். Manual ஆக்குங்கள். வாராந்திர முன்னேற்றத்தைப் பதிந்த பிறகு, கோப்பை ஒரு நகல் எடுத்துக்கொண்டு, நீங்களே ஒருமுறை லெவல் செய்யுங்கள். Leveling Gantt காட்சியில் முந்தைய இடமும் புதிய இடமும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும்; டிபிஏவின் டாஸ்க்குகளை மட்டும் வடிகட்டி அதை அவரிடமே காட்டுங்கள். பேக்கப் ஒத்திகையை 13-ஆம் நாள் வைத்திருக்கிறோமே, அன்று சர்வர் கிடைக்குமா என்பது அவருக்குத்தான் தெரியும்.